கைபேசி வாலட்டில் பாயிண்ட் கார்டும் பரிசு வவுச்சரும்: கல்லாவில் கழிக்க வேண்டிய முறை



2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாக எங்கள் கடையில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பாத்திரமும் வீட்டு உபயோகச் சாமான்களும் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். மொத்தக் கடையை ஒட்டியே மகன் பொறுப்பில் ஒரு சில்லறைக் கடையும் நடந்து வருகிறது. அந்த ஆண்டில்தான் முதன்முதலாக எங்கள் கடைப் பெயரில் பரிசு வவுச்சர் வெளியிட்டோம். காகிதத்தில் அச்சடிக்கவில்லை. வாங்கியவருடைய கைபேசிக்கு ஒரு இணைப்பு போகும். அதைத் தொட்டால் வவுச்சர் அவருடைய கூகுள் வாலட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வாடிக்கையாளர் தம் தங்கைக்குத் தீபாவளிச் சீராக ஆயிரம் ரூபாய் வவுச்சர் வாங்கி அனுப்பினார். அந்த அம்மாள் அதை வாலட்டில் சேர்த்துக்கொண்டார். அண்ணன் அனுப்பியதை எல்லோரும் பார்க்கட்டும் என்று அதன் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். மறுநாள் காலையில் அவருடைய மகன் அந்தப் படத்தைக் காட்டி எங்கள் கடையில் குக்கர் ஒன்று வாங்கினான். அப்போது இன்டர்நெட் வேலை செய்யவில்லை. கல்லாவில் இருந்த பையன் வவுச்சர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு சரக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டான். மாலையில் அந்த அம்மாளே வந்தார். அதற்குள் இணைப்பு திரும்பிவிட்டிருந்தது. அடுத்த கவுண்ட்டரில் ஸ்கேன் செய்தபோது ஆயிரம் ரூபாய் இருப்பு என்று காட்டியது. கழித்துக்கொண்டு அவருக்கும் சரக்கு கொடுத்தோம். இரவு கணக்கு முடிக்கும்போது ஆயிரம் ரூபாய் குறைந்தது.

கல்லாப் பையனிடம் கடுமையாகவே பேசிவிட்டோம். அவன் கண்கலங்கி நின்றான். துண்டுச் சீட்டு பில் புத்தகத்துக்கு அடியில் கிடைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பையன் திருடவில்லை, அந்த அம்மாளும் ஏமாற்றவில்லை. அந்த வவுச்சர் எப்படிப்பட்ட பொருள் என்பது எங்களுக்கே தெரியாமல் வெளியிட்டதுதான் தவறு. அதன் பின் நாங்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சக வணிகர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

டோக்கனா, பாஸ் புத்தகமா?

பழைய பால் டோக்கன் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பால். டோக்கனைக் கொடுத்துவிட்டால் அது திரும்ப வராது. மதிப்பு அந்த டோக்கனிலேயே இருந்தது. வங்கிப் பாஸ் புத்தகம் அப்படியல்ல. புத்தகத்தில் ஐயாயிரம் என்று எழுதியிருந்தாலும் பணம் புத்தகத்தில் இல்லை. வங்கிப் பேரேட்டில் இருப்பதைத்தான் அது சொல்கிறது. அதுவும் கடைசியாகப் பதிந்த நாள் வரைக்குமான இருப்பு.

வாலட்டில் இருக்கும் பாயிண்ட் கார்டும் பரிசு வவுச்சரும் பாஸ் புத்தக வகையைச் சேர்ந்தவை. கைபேசியில் தெரிவது கடைப் பெயர், சின்னம், ஒரு எண், அந்த எண்ணைக் குறிக்கும் பார்கோடு அல்லது க்யூஆர், கடைசியாக அனுப்பப்பட்ட இருப்புத் தொகை ஆகியவையே. மதிப்பு முழுவதும் நம் பில்லிங் சாப்ட்வேரின் பேரேட்டில், அல்லது நமக்காக அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கிறது. வாலட் அதை எடுத்துச் செல்லும் பை மட்டும்தான்.

எங்களுக்கு நேர்ந்த நஷ்டத்துக்குக் காரணம் இதுவே. நாங்கள் வவுச்சரை டோக்கனாக நினைத்தோம். ஒரு டோக்கன் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆனால் ஒரு எண்ணின் படம் எத்தனை கைபேசியில் வேண்டுமானாலும் இருக்கலாம். வாலட்டில் திறந்து காட்டினாலும், அதைப் படம் எடுத்துக் காட்டினாலும், ஸ்கேனர் படிப்பது ஒரே எண்ணைத்தான். ஆகவே கைபேசியில் என்ன தெரிகிறது என்பதை வைத்து ஒருபோதும் சரக்கு கொடுக்கக் கூடாது. பேரேட்டைக் கேட்டு, பேரேட்டில் கழித்த பிறகே கொடுக்க வேண்டும்.

வாலட்டுக்குள் எப்படிப் போகிறது?

கூகுள் நிறுவனம் இந்தியாவில் கூகுள் வாலட்டை 2024 மே மாதம் வெளியிட்டது. பயணச் சீட்டு, பாயிண்ட் கார்டு, பரிசு கார்டு போன்றவற்றை வைத்துக்கொள்வதற்கு என்றே அதை இங்கே கொடுத்தார்கள். பணம் செலுத்த கூகுள் பே தனிச் செயலியாகவே தொடரும் என்றும் அப்போதே அறிவித்தார்கள். ஆப்பிள் கைபேசியில் இதே வேலையைச் செய்யும் பை 2012இல் பாஸ்புக் என்ற பெயரில் வந்து, 2015இல் வாலட் என்று பெயர் மாறியது. பாஸ்புக் என்று முதலில் பெயர் வைத்தது, நாம் மேலே சொன்ன உவமைக்குத் தற்செயலாகப் பொருந்தி வருகிறது.

கடைக்காரர் பக்கத்தில் இரண்டு வேலை உண்டு. முதலாவது, கடைக்கு ஒரு பொது வார்ப்பு செய்வது. கடைப் பெயர், சின்னம், நிறம், நிபந்தனை ஆகியவை அதில் இருக்கும். இரண்டாவது, அந்த வார்ப்பிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிக் கார்டு எடுப்பது. அவருடைய எண்ணும் இருப்பும் அதில் இருக்கும். இவற்றை நம் பில்லிங் சாப்ட்வேர் செய்து, வாடிக்கையாளருக்கு இணைப்பு அனுப்பும். அவர் கைபேசியில் `Add to Google Wallet` அல்லது `Add to Apple Wallet` என்ற பொத்தான் தெரியும். அதைத் தொட்டால் கார்டு சேர்ந்துவிடும்.

இப்படிச் சேர்ந்த கார்டு நம் கணக்கோடு தொடர்புள்ளது. பேரேட்டில் இருப்பு மாறும்போது நம் சாப்ட்வேர் புதிய இருப்பை அனுப்பினால், கைபேசியில் உள்ள எண்ணும் மாறும். ஆனால் சாப்ட்வேர் அனுப்ப வேண்டும், கைபேசிக்கும் இன்டர்நெட் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கார்டு திறக்கும், பார்கோடு தெரியும், ஆனால் பழைய இருப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வகையும் வரும். வாடிக்கையாளர் தம்மிடமுள்ள பிளாஸ்டிக் கார்டைத் தாமே கேமராவில் ஸ்கேன் செய்து வாலட்டில் சேர்த்திருப்பார். இது வெறும் எண்ணின் நகல். நம் கணக்கோடு தொடர்பு கிடையாது. இருப்பு காட்டாது, மாறவும் மாறாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், இருப்புத் தொகை என்ற வரியே இல்லாவிட்டால் பெரும்பாலும் இவ்வகைதான். "போன மாதம் வாங்கியதற்குப் பாயிண்ட் ஏறவே இல்லையே அண்ணாச்சி" என்று ஒருவர் கேட்டால், முதலில் அந்தக் கார்டு எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். பாயிண்ட் பேரேட்டில் ஏறியிருக்கும். அவருடைய படத்தில் தெரியாது, அவ்வளவுதான். இணைப்பை மறுபடி அனுப்பி முறைப்படி சேர்க்கச் சொன்னால் குறை தீரும்.

ஸ்கேனர் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்புக் கோடு விழும் பழைய லேசர் ஸ்கேனர் காகித லேபிளைப் படிக்கும். கைபேசித் திரையைப் பெரும்பாலும் படிக்காது. க்யூஆரை எந்தக் காலத்திலும் படிக்காது. படம் எடுத்துப் படிக்கும் 2டி ஸ்கேனர் வேண்டும். திரை மங்கலாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். கண்ணாடி உடைந்து படிக்காவிட்டால் பார்கோட்டின் கீழே உள்ள எண்ணைக் கையால் அடிக்கலாம். எப்படி உள்ளே போனாலும் அது ஒரே எண்தான்.

ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம்

பாயிண்டும் வவுச்சரும் ஒரே பையில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு. பாயிண்ட் என்பது நாம் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி. வவுச்சர் என்பது யாரோ ஒருவர் முன்கூட்டியே கொடுத்துவைத்த பணம். இந்த வித்தியாசத்தை மறந்தால் வரியில் தவறு வரும்.

ஒரு வாடிக்கையாளர் மிக்சி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக விலை 4,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அவர் வாலட்டில் எங்கள் பாயிண்ட் கார்டும், 1,000 ரூபாய் வவுச்சரும் இருக்கின்றன. கார்டில் 260 பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். அவர் 200 பாயிண்ட் கழிக்கச் சொல்கிறார்.

முதலில் பாயிண்ட். 4,000 ரூபாயில் 200 போனால் 3,800. சரக்கு கொடுக்கும் சமயத்திலேயே கொடுத்து, பில்லிலும் காட்டப்பட்ட தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஆகவே வரி 3,800க்குத்தான். 18 சதவீதம் 684 ரூபாய். மத்திய வரி 342, மாநில வரி 342. பில் தொகை 4,484 ரூபாய். இதற்குக் கீழே கோடு போட்டுவிட வேண்டும். பில் இங்கே முடிந்துவிட்டது.

கோட்டுக்குக் கீழே வருவதெல்லாம் பணம் எப்படி வந்தது என்ற விவரம். வவுச்சரில் 1,000, யு.பி.ஐ. மூலம் 3,484. மொத்தம் 4,484. சரியாகிவிட்டது.

இப்போது தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வவுச்சரையும் தள்ளுபடி என்று கோட்டுக்கு மேலே போட்டுவிட்டால் வரிக்குரிய மதிப்பு 2,800 ஆகிவிடும். வரி 504தான் வரும். கட்ட வேண்டிய வரியில் 180 ரூபாய் குறைந்துவிட்டது. இப்படி மாதம் நூறு பில் போட்டால் 18,000 ரூபாய். பிறகு வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வரும்போது வட்டியும் சேர்த்து நாம்தான் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் போய்க் கேட்க முடியாது.

மாறாக, பாயிண்டைப் பணம் என்று கோட்டுக்குக் கீழே போட்டால், வரி 4,000க்கு 720 ரூபாய். பில் தொகை 4,720. அதில் பாயிண்ட் 200, வவுச்சர் 1,000 கழித்து வாடிக்கையாளர் 3,520 கொடுக்கிறார். அவருக்கு 36 ரூபாய் கூடுதல். கேட்கத் தெரிந்தவர் கேட்டுவிடுவார், தெரியாதவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டுமே நம் கடைக்கு நல்லதல்ல.

வவுச்சரை விற்றபோதே வரி கட்ட வேண்டாமா என்ற கேள்வி முன்பு எல்லோரையும் குழப்பியது. 2024 டிசம்பர் 31 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை இதைத் தெளிவுபடுத்தியது. வவுச்சரைக் கொடுத்து வாங்குவது சரக்கு விற்பனையும் அல்ல, சேவையும் அல்ல. வவுச்சரைக் கொடுத்துச் சரக்கு வாங்கும்போது அந்தச் சரக்குக்குத்தான் வரி. ஆகவே வவுச்சர் விற்ற ஆயிரம் ரூபாயை அன்றைய விற்பனையில் சேர்க்கக் கூடாது. வாடிக்கையாளர் முன்பணம் என்று பொறுப்புக் கணக்கில் வைத்து, சரக்கு போகும் நாளில் அங்கிருந்து எடுத்துப் பில்லுக்கு வரவு வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன பாயிண்ட் கணக்கு நம் சொந்தப் பாயிண்டுக்கு. வங்கியோ வேறு நிறுவனமோ தரும் பாயிண்டைக் கழித்து, அந்தத் தொகையை அவர்கள் நமக்குத் திருப்பித் தருவதாக இருந்தால், நாம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பணம் வேறு கையிலிருந்து வருகிறது. அது தள்ளுபடி ஆகாது. கோட்டுக்குக் கீழேதான் போக வேண்டும். உங்கள் திட்டம் எந்த வகை என்பதை ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டி, சாப்ட்வேரில் அப்படியே அமைத்துவிடுங்கள். கல்லாப் பையன் ஒவ்வொரு பில்லுக்கும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கல்லாவில் எது முன், எது பின்?

சரக்கு எல்லாம் ஏற்றிப் பில் தயாரானதும், பணம் வாங்குவதற்கு முன்பாகவே "பாயிண்ட் கார்டு, வவுச்சர் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். பணம் வாங்கிய பிறகு கார்டை நீட்டினால் பில்லை ரத்து செய்து மறுபடி போட வேண்டிவரும்.

அடுத்து பாயிண்ட் கார்டை ஸ்கேன் செய்து, எத்தனை பாயிண்ட் கழிக்க வேண்டும் என்று வாடிக்கையாளரையே கேட்டுக் கழிக்கிறோம். வரி போட்டுப் பில் தொகை நிற்கும். மூன்றாவதாக வவுச்சரை ஸ்கேன் செய்து, இருப்பைப் பேரேட்டில் பார்த்துக் கழிக்கிறோம். கடைசியாக மீதித் தொகைக்கு மட்டும் யு.பி.ஐ. க்யூஆர் வருகிறது. வாடிக்கையாளர் வாலட்டிலிருந்து வெளியே வந்து, தம் பணச் செயலியைத் திறந்து, அதை ஸ்கேன் செய்து கட்டுகிறார்.

பணத்தை ஏன் கடைசியில் வைக்கிறோம்? பாயிண்டும் வவுச்சரும் நம் பேரேட்டுக்குள் நடப்பவை. ஏதாவது தவறினால் நாமே அந்தக் கணமே திருப்பிப் பதியலாம். யு.பி.ஐ. பணம் அவர் வங்கியிலிருந்து நம் வங்கிக்கு வந்துவிட்டால் திருப்பித் தருவது தனி வேலை. ஆகவே நம் கையில் உள்ளதை முதலில் முடித்துக்கொண்டு, கையில் இல்லாததைக் கடைசியில் தொடுவதே முறை.

ஆனால் யு.பி.ஐ. தோற்றுப்போனால்? வாடிக்கையாளர் சரக்கே வேண்டாம் என்று போய்விட்டால்? அப்போது கழித்த 200 பாயிண்டும் 1,000 ரூபாய் வவுச்சரும் உடனே திரும்ப ஏற வேண்டும். நல்ல சாப்ட்வேரில் கழிப்பது இரண்டு கட்டமாக இருக்கும். முதலில் தொகையை நிறுத்திவைக்கும், பணம் வந்து பில் முடிந்ததும் கழிவை உறுதி செய்யும், பில் முடியாவிட்டால் தானாக விடுவித்துவிடும். சாப்ட்வேர்க்காரர் வரும்போது, "பாயிண்ட் கழித்த பிறகு பில்லை ரத்து செய்கிறேன், இருப்பு திரும்புகிறதா காட்டுங்கள்" என்று நேரில் செய்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நாங்கள் முதல் தடவை இதைக் கேட்கவில்லை.

இதைவிடத் தொல்லையானது, பாதியில் இணைப்பு அறுந்துபோவது. வவுச்சரைக் கழிக்கச் சொல்லி உத்தரவு போய்விட்டது, பதில் வரவில்லை. கழிந்ததா இல்லையா தெரியாது. பையன்கள் பதற்றத்தில் புதுப் பில் போட்டு மறுபடி கழிப்பார்கள். முதல் உத்தரவு போய்ச் சேர்ந்திருந்தால் வவுச்சர் இரண்டு தரம் கழிந்துவிடும், அல்லது இரண்டாவது தரம் இருப்பில்லை என்று வந்து வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சரியான முறை, அதே பில் எண்ணை வைத்து நிலையைக் கேட்பது. ஒவ்வொரு கழிவும் பில் எண்ணோடு பதிவாகியிருந்தால், "இந்தப் பில்லுக்குக் கழித்தாயா?" என்ற கேள்விக்குப் பேரேடு ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடும். அதே எண்ணில் இரண்டாம் முறை உத்தரவு வந்தால் மறுபடி கழிக்காமல் முதல் பதிலையே திருப்பிச் சொல்லும்படியும் அமைக்கலாம்.

இணைப்பே இல்லாத நேரத்தில் என்ன செய்வது? எங்கள் கடையில் இப்போது உள்ள விதி இது. இணைப்பு இல்லையென்றால் பாயிண்ட் ஏறும், கழியாது. கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு பாயிண்ட் ஏற்றுகிறோம். அதில் நமக்கு அபாயம் இல்லை. கழிக்க வேண்டும் என்றால், "சரக்கை எடுத்து வைக்கிறோம், இணைப்பு வந்ததும் வாருங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிடுகிறோம். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் துண்டுச் சீட்டுக்கு எங்கள் கடையில் இப்போது இடமில்லை.

படம் காட்டுகிறவரை என்ன செய்வது?

வவுச்சரின் படத்தைக் காட்டுகிறவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். மகனுக்கு அப்பா அனுப்பியிருப்பார். பேரேட்டில் இருப்பு இருந்து, உடனே கழிக்க முடிந்தால், முதலில் வந்தவருக்குப் போகும், இரண்டாமவருக்கு இருப்பில்லை என்று வரும். கடைக்கு நஷ்டமில்லை. ஆனால் உரியவர் பிறகு வந்து நிற்கும்போது கெட்ட பெயர் நமக்குத்தான்.

அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வவுச்சருக்குத் தனி இரகசிய எண் வைத்து, அல்லது வாங்கியவர் கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பி, அதைக் கேட்டுக் கழிப்பது. பார்கோட்டின் படம் மட்டும் வைத்திருப்பவரால் பயன்படுத்த முடியாது. இரண்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் தானாக மாறும் பார்கோடு. கூகுள் வாலட்டில் இந்த வசதி உண்டு. காலையில் எடுத்த படம் மாலையில் செல்லாது. ஆனால் அதைச் சரிபார்க்கும் சாப்ட்வேர் நம் பக்கத்தில் இருக்க வேண்டும், செலவும் கூடும். எங்களைப் போன்ற கடைக்கு ஓ.டி.பி.யே போதும் என்று தீர்மானித்தோம்.

ஒரே தட்டலில் இரண்டும் நடக்குமா?

அமெரிக்கா போன்ற நாடுகளில் கைபேசியைக் கார்டு மெஷின்மேல் ஒரு தரம் தட்டினால் பாயிண்ட் கார்டும் பணமும் சேர்ந்தே போகின்றன என்று வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். அங்கே வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் 2015ஆம் ஆண்டிலேயே தன் பாயிண்ட் கார்டை ஆப்பிள் பேயோடு இணைத்தது. மெஷின் முதலில் "எங்கள் கடைக் கார்டு இருக்கிறதா?" என்று தன் கடை அடையாளத்தைச் சொல்லிக் கேட்கும். கைபேசி அந்தக் கடைக்குரிய கார்டு எண்ணை மட்டும் கொடுக்கும். அதைத் தொடர்ந்து பணக் கார்டின் விவரம் போகும்.

ஆனால் நாம் மேலே பார்த்த கணக்கு அங்கும் மாறவில்லை. தட்டுவதற்கு முன்பே மெஷினில் தொகை நின்றுவிடுகிறது. அதே தட்டலில் வந்த கார்டின் பாயிண்டை அந்தத் தொகையிலிருந்து கழிக்க நேரமில்லை. ஆகவே ஒரே தட்டல், பாயிண்ட் ஏற்றுவதற்குத்தான் சுலபம். பாயிண்டைக் கழிக்க வேண்டுமானால் முதலில் கார்டுக்கு ஒரு தட்டல், தொகை குறைந்த பிறகு பணத்துக்கு ஒரு தட்டல் என்று பிரிப்பதே வசதி. முன்னது முன், பின்னது பின் என்ற ஒழுங்கை எந்த மெஷினும் தவிர்க்க முடியவில்லை.

சரக்கு திரும்பி வந்தால்

அந்த மிக்சி பழுதென்று திரும்பி வந்தது, வேறு வேண்டாம் என்கிறார். எவ்வளவு பணம் கொடுப்பது? 4,484 அல்ல, 3,484தான். வவுச்சரில் வந்த ஆயிரம் வவுச்சருக்கே திரும்ப ஏற வேண்டும், 200 பாயிண்டும் பாயிண்டாகவே ஏற வேண்டும். அந்தப் பில்லுக்குப் புதிதாக ஏறிய பாயிண்டையும் எடுத்துவிட வேண்டும். வரி 684 ரூபாய்க்கு 3,800 மதிப்பில் கிரெடிட் நோட் போட வேண்டும். எது எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்பதே விதி. இதை விட்டுவிட்டால், வவுச்சரில் சரக்கு வாங்கி, மறுநாள் திருப்பிக் கொடுத்து, ரொக்கமாக வாங்கிப் போகும் வழக்கம் வந்துவிடும்.

சங்கத்துக்குப் பொதுவாக ஒரு வவுச்சர்?

நம் சங்கக் கூட்டங்களில் சிலர், "எல்லாக் கடையிலும் செல்லும்படி சங்கத்தின் பெயரில் ஒரே வவுச்சர் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு கடை தன்னிடமே சரக்கு வாங்குவதற்காக வெளியிடும், ரொக்கமாக எடுக்க முடியாத வவுச்சருக்கு ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டியதில்லை. பலதரப்பட்ட கடைகளில் செல்லும் வவுச்சர் அப்படியல்ல. ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு விதித் தொகுப்பின்படி அது முன்பணக் கருவி. வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களும்தான் அதை வெளியிடலாம். அதில் பரிசுக் கருவிக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள், மறுபடி பணம் ஏற்றக் கூடாது என்றும் விதித்தார்கள். ஆகவே பொது வவுச்சர் வேண்டுமானால் அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் வெளியிட, நாம் ஏற்றுக்கொள்ளும் கடைகளாகச் சேர்வதே வழி. நாமே அச்சடித்துப் பணம் வாங்கிக்கொள்வது ஆபத்து.

எங்கள் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். "பேரேட்டைக் கேள். பாயிண்ட் கோட்டுக்கு மேல். வவுச்சர் கோட்டுக்குக் கீழ். பணம் கடைசி." அதை எழுதி ஒட்டியது, அன்று எங்களிடம் பேச்சு வாங்கிய அதே பையன்தான். 2025 தீபாவளிக்கு வவுச்சர் கவுண்ட்டரை அவனிடமே ஒப்படைத்தோம். இரவில் கணக்கு முடித்தபோது ஒரு ரூபாய்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.